என் மன்னிப்புக் கடிதத்தில் அக்கா இல்லை

அக்காவின் ஐந்து பவுன் சங்கிலி என்னால் ஏலத்தில் போனது. அதற்கு நான் மன்னிப்புக் கேட்ட விதம் அவளுக்கு இரண்டாவது அடி. முதல் தவறைப் பற்றித் திட்ட ஊரே இருந்தது. இரண்டாவதைப் பற்றி எச்சரிக்கத்தான் யாரும் இல்லை. அதனால் அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். முதல் தவறு புரிவதற்கு வேண்டிய கணக்கை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா கரூரில், நான் திருச்சியில். மச்சானின் தறிக்குப் பணம் தேவைப்பட்டது. 2022 செப்டம்பரில் அவள் மாமியாருக்குத் தெரியாமல் சங்கிலியைக் கொண்டுவந்து கொடுத்தாள். என் பெயரில் வங்கியில் அடகு வைத்து 1,30,000 ரூபாய் வாங்கிக் கொடுத்தேன். வட்டிக்காக மாதம் 1,200 ரூபாய் எனக்கு ஜிபே பண்ணுவாள். ஒரு வருடம் முடிந்ததும் மொத்த வட்டியையும் கட்டி நகைக்கடனைப் புதுப்பிக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. அந்தப் பணத்தை நான் வீட்டு வாடகைக்கும் பைக் தவணைக்கும் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அடுத்த சம்பளத்தில் போட்டுவிடலாம் என்ற நினைப்புதான். இரண்டு நோட்டீஸ் வந்தன, பிரித்துப் படித்துவிட்டு பீரோவுக்கு மேலே வைத்தேன். 2024 மார்ச் முதல் வாரத்தில் ஏலம் முடிந்தது. கடனும் வட்டியும் செலவும் போக 55,000 சொச்சம் என் கணக்கில் வந்து விழுந்தது. அக்காவிடம் சொன்னது ஏப்ரல் இரண்டாவது வாரத்தில். நடுவே ஐந்து வாரம்.

சொன்ன விதத்துக்கு வருகிறேன். இரவு பதினொன்றரைக்கு வாட்ஸப்பில் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினேன், நீளம் பதினொரு நிமிஷம். முதல் நிமிஷத்திலேயே அழுகை வந்துவிட்டது. "நான் மனுஷனே இல்லக்கா, உனக்குத் தம்பியா பொறந்ததுக்குப் பதிலா பொறக்காமலே இருந்திருக்கலாம், என் மூஞ்சியில முழிக்காதே, செருப்பால அடி, நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று போனது பேச்சு. பின்னால் கேட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சங்கிலி என்ற சொல் முதன்முதலாக வருவதே நாலாவது நிமிஷத்தில். ஏலத் தேதி எங்கேயும் இல்லை. பணத்தை நான் செலவு செய்தேன் என்பதும் தெளிவாக இல்லை. "பணம் கொஞ்சம் முன்னபின்ன ஆயிடுச்சு" என்று ஒரே இடத்தில் வருகிறது.

ஐந்தாவது நிமிஷம் அக்கா போன் செய்தாள். அடித்துப் பிடித்துக்கொண்டு, "டேய், எங்கடா இருக்கே? தனியாவா இருக்கே? முதல்ல தண்ணி குடி. சங்கிலி போனா போகுது விடு" என்றாள். எனக்கு அப்படியே பாரம் இறங்கியது. நன்றாகத் தூங்கினேன். அவள் அன்று இரவு தூங்கவில்லை, நான் ஏதாவது செய்துகொள்வேனோ என்று. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு தடவை, மதியம் ஒரு தடவை கூப்பிட்டுச் சாப்பிட்டேனா என்று கேட்டாள். அதற்கப்புறம் மூன்று வாரம் அவளிடமிருந்து ஒன்றும் இல்லை. என் குட் மார்னிங்குக்கு நீல டிக் வரும், அவ்வளவுதான்.

மன்னிப்பு தடம் மாறிவிட்டது என்று கண்டுபிடிக்க இதைவிட நேரான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. பேச்சு முடிந்தபோது யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்று பாருங்கள். நகையைப் பறிகொடுத்தவள் பறிகொடுக்க வைத்தவனைத் தேற்றிக்கொண்டிருந்தாள் என்றால், அங்கே நடந்தது மன்னிப்பு இல்லை. என் குற்ற உணர்ச்சியைத் தூக்கி அவள் மடியில் வைத்திருக்கிறேன். அவள் கோபப்படவும் வழியில்லை. "செருப்பால அடி" என்பவனை எப்படித் திட்டுவது? திட்ட வேண்டியதை எல்லாம் அவனே திட்டிக்கொண்டாயிற்று, அதுவும் அவள் சொல்ல நினைத்ததைவிடப் பத்து மடங்கு பெரிதாக. "அஞ்சு வாரமா ஏண்டா சொல்லல" என்று அவள் கேட்டிருக்க வேண்டிய ஒரு சின்னக் கேள்வி அதற்கடியில் நசுங்கிப்போனது.

மே மாதம் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பேசினால் அழுகை வரும், எழுதினால் அடித்துத் திருத்தலாம் என்பதுதான் காரணம். முதல் பிரதி நோட்டில் நாலு பக்கம் வந்தது. திருப்பிப் படித்தால் அதே வாய்ஸ் நோட்தான், அழுகைச் சத்தம் மட்டும் இல்லை. ஒரு பென்சிலை எடுத்து 'நான்' வரும் இடங்களை எல்லாம் வட்டமிட்டேன். பதினோரு வட்டம்தான் விழுந்தது, பரவாயில்லையே என்று தோன்றியது. ஆனால் தமிழில் இந்தக் கணக்கு ஏமாற்றும். 'நான்' என்று போடாமலே வாக்கியம் முழுக்க நானாக இருக்கலாம். துடிச்சேன், நொந்துட்டேன், தூங்காம கிடந்தேன், செத்துட்டேன் என்று வினைமுற்றின் வாலில் உட்கார்ந்திருக்கும் அந்த 'ஏன்'-ஐயும், "எனக்கு", "என்னால", "என் மனசு" எல்லாவற்றையும் சேர்த்து வட்டமிட வேண்டும். அப்படி எண்ணினால் ஐம்பத்தாறு. அக்கா எழுவாயாக வரும் வாக்கியங்களைக் கோடிட்டேன். எட்டு. அந்த எட்டில் ஐந்து "நீ என்னை மன்னிக்கணும்", "நீ என்னை வெறுத்துடாதே" என்ற ரகம், அதாவது அவளுக்கு நான் வைக்கும் வேலை. மிச்சம் மூன்றே மூன்று வாக்கியத்தில்தான் அக்கா அக்காவாக இருந்தாள்.

அடிக்கப் போகும்போது ஒன்று கவனிக்க வேண்டும். 'நான்' வரும் எல்லாமே வேண்டாதவை இல்லை. "நீ அனுப்பின பணத்தைச் செலவு பண்ணேன்" என்பதும் நான்தான், "நான் ஒரு துரோகி" என்பதும் நான்தான். முதலாவது நான் செய்த செயல். இரண்டாவது நான் எப்படிப்பட்டவன் என்பதற்கு நானே எழுதிக்கொள்ளும் தீர்ப்பு. குற்ற உணர்ச்சிக்கும் அவமான உணர்ச்சிக்கும் உளவியலில் இப்படித்தான் கோடு போடுகிறார்கள். ஒன்று "கெட்டதைச் செய்தேன்" என்கிறது, மற்றது "நானே கெட்டவன்" என்கிறது. முன்னதில் சரிசெய்ய ஒரு வேலை கண்ணுக்குத் தெரியும். பின்னதில் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றும். துரோகி என்று சொல்லிவிட்டால் நோட்டீஸ் வந்த விவரம் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள். என் நாலு பக்கத்தில் பாவி, உதவாக்கரை, நன்றி கெட்டவன் எல்லாம் இருந்தது. இரண்டு நோட்டீஸ் வந்தது இல்லை. எவ்வளவு பெரிய வசவோ அவ்வளவு நல்ல போர்வை.

ஆகவே வசவுச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "என்ன செய்ததால்?" என்று எழுதினேன். பதில் இருந்தால் அந்தச் செயலை எழுதி வசவை அடித்தேன். "நன்றி கெட்டவன்" என்பது "மாசாமாசம் நீ அனுப்பின 1,200 ரூபாயை வட்டிக்குக் கட்டல" என்று ஆனது. "கோழை" என்பது "ரெண்டு நோட்டீஸையும் உன்கிட்ட சொல்லல" என்று ஆனது. பதில் கிடைக்காத வசவுகள் எந்தச் செயலுக்கும் சொந்தமில்லாதவை. அவற்றை அப்படியே அடித்தேன். இந்த வேலையில் எதிர்ப்பக்கத்துத் தப்பையும் பிடிக்கலாம். "மறந்து போச்சு", "ஏலம் ஆயிடுச்சு", "முன்னபின்ன ஆயிடுச்சு" என்று வினை தானாக நடந்ததுபோல எழுதிய இடங்களில் 'ஏன்' இல்லவே இல்லை. அங்கேதான் அது வந்திருக்க வேண்டும். தன்னைத் திட்டும் இடங்களில் ஐம்பது 'நான்', தவறு நடந்த இடத்தில் ஒரு 'நான்' கூட இல்லை. இரண்டும் ஒரே கடிதத்தில் சேர்ந்தே இருக்கும், தேடிப் பாருங்கள்.

அடுத்து என் கஷ்டப் பட்டியல். ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, நாலு கிலோ இளைத்துவிட்டேன், ஆபீசில் வேலை ஓடவில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் அக்கா கையில் அது போனால் என்ன ஆகும்? "நானும் அனுபவிச்சுட்டேன், கணக்கு நேர்" என்று கேட்கும், அல்லது அவளுக்கு என்னைப் பற்றிய கவலை மறுபடி தொடங்கும். இரண்டுமே வேண்டாதவை. மொத்தமாக எடுத்தேன். மூன்று வாக்கியம் எடுக்கவே மனசு வரவில்லை, ரொம்ப நன்றாக எழுதியிருந்தேன். நன்றாக வந்த வாக்கியம்தான் முதலில் போக வேண்டியது என்று இப்போது நினைக்கிறேன். அது எனக்காக எழுதியது.

"மன்னிச்சிடு" என்ற கட்டளையையும் எடுத்துவிட்டேன். கெஞ்சலாகத் தெரிந்தாலும் இலக்கணப்படி அது ஏவல்தான், உடனே ஒன்றைச் செய் என்கிறது. 2016-ல் ராய் லெவிக்கி என்ற அமெரிக்கப் பேராசிரியரும் உடன் இருவரும் மன்னிப்பின் ஆறு கூறுகளைப் பிரித்துச் சோதித்தார்கள். வருத்தம் தெரிவிப்பது, நடந்ததை விளக்குவது, பொறுப்பேற்பது, இனி செய்யமாட்டேன் என்பது, ஈடு செய்ய முன்வருவது, மன்னிக்கும்படி கேட்பது என்பவை அவை. கேட்பவரிடம் அதிகம் எடுபட்டது பொறுப்பேற்பது, அடுத்தது ஈடு. இருப்பதிலேயே குறைவாக எடுபட்டது மன்னிக்கும்படி கேட்பதுதான். அந்த ஆய்வு வேலையிட நிலவரங்களை வைத்துச் செய்தது, அக்கா தம்பி விவகாரம் இல்லை. ஆனாலும் என் நாலு பக்கத்தில் ஏழு "மன்னிச்சிடு" இருந்தது, ஈடு பற்றி இரண்டே வரி.

அந்த இரண்டு வரியும் மோசம். "நாலு லட்சம் தர்றேன், பைக்கை வித்துடறேன், தறிக்கு வாங்கின கடனையும் நானே ஏத்துக்கறேன்" என்று எழுதியிருந்தேன். என் சம்பளம் 38,000. குற்ற உணர்ச்சி சொற்களில் மட்டும் மிகைப்படாது, தொகையிலும் மிகைப்படும். அந்த நேரத்தில் கிராம் விலை 6,700 பக்கம். நாற்பது கிராம் சங்கிலி மறுபடி செய்ய, சுமார் பத்து சதவீதம் செய்கூலி சேதாரமும் மூன்று சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்தால் மூன்று லட்சத்தைத் தாண்டும். அதில் அக்கா எப்படியும் கட்டியிருக்க வேண்டிய அசல் 1,30,000. அதையும் நானே ஏற்கிறேன் என்பது பெருந்தன்மை மாதிரி தெரியும். ஆனால் மச்சான் வாங்கிய கடனை மச்சினன் தூக்கிச் சுமப்பது அவர் வீட்டில் அவருக்கு எப்படி இருக்கும் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. தண்டனை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அதற்கு அவர்கள் மானத்தைச் செலவு செய்யப் பார்த்தேன். ஈட்டை ரூபாயில் சொல்லாமல் கிராமில் சொல்வது என்று முடிவு செய்தேன். அவள் இழந்தது தங்கம், விலை ஏறினால் அந்த வித்தியாசம் என் பாடாக இருக்க வேண்டும்.

இவ்வளவையும் வெட்டிய பிறகு இரண்டாவது பிரதி தாசில்தார் ஆபீசுக்குக் கொடுக்கும் மனு மாதிரி ஆகிவிட்டது. தேதி, தொகை, எடை எல்லாம் இருந்தது, அக்கா இன்னும் இல்லை. இதில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். தன்னை வெட்டி எடுத்தால் போதாது, காலியான இடத்தில் அவர்களைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். நோட்டில் புதுப் பக்கம் எடுத்து மேலே "அக்காவுக்கு என்ன ஆச்சு" என்று எழுதினேன். சங்கிலி போனது என்று முதல் வரி. அப்புறம் பத்து நிமிஷம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அது அம்மா போட்ட சங்கிலி. மாமியாரிடம் லாக்கரில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறாள், இனி என்ன சொல்வாள்? அப்புறம், பங்குனி உத்திரத்துக்கு நான் கரூர் போனது. ஏலம் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இலையில் பாயசம் ஊற்றிக்கொண்டே அக்கா அவள் பெண்ணிடம், "உன் சடங்குக்கு அம்மாச்சி சங்கிலிதான் போடுவேன், மாமாகிட்ட பத்திரமா இருக்கு" என்றாள். நான் தலையாட்டினேன். நாலு பக்கக் கடிதத்தில் இது ஒரு வரிகூட வரவில்லை. அவளுக்கு எங்கே வலித்திருக்கும் என்று தேடாமல் எனக்கு எங்கே வலிக்கிறது என்றே எழுதிக்கொண்டிருந்ததால் வந்த வினை.

கடைசியில் அனுப்பியது ஒரு பக்கம்தான்:

"அக்கா, சங்கிலி மார்ச் முதல் வாரம் ஏலத்துல போச்சு. நீ மாசாமாசம் அனுப்பின 1,200 ரூபாயை நான் வட்டிக்குக் கட்டல, வாடகைக்கும் பைக் தவணைக்கும் செலவு பண்ணேன். ரெண்டு நோட்டீஸ் வந்துச்சு, உன்கிட்ட சொல்லல. ஏலம் முடிஞ்சும் அஞ்சு வாரம் மறைச்சேன். பங்குனி உத்திரத்தன்னிக்கு நீ பாப்பாகிட்ட அந்தச் சங்கிலியைப் பத்திப் பேசினப்போ எனக்குத் தெரியும். தெரிஞ்சே தலையாட்டினேன்.

அது அம்மா உனக்குப் போட்டது. உன் மாமியார்கிட்ட லாக்கர்ல இருக்குன்னு நீ சமாளிச்சுக்கிட்டு இருந்தே, இப்ப அதுக்கும் வழியில்லாம பண்ணிட்டேன். பாப்பாகிட்ட நீ சொன்ன வார்த்தையையும் பொய்யாக்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி வாய்ஸ் நோட்ல என் அழுகையைத்தான் கேட்க வெச்சேன், நீ பேச இடமே குடுக்கல. எல்லாத்துக்கும் ரொம்ப வருத்தப்படறேன்.

கடன் போக மிச்சம் 55,000 என்கிட்ட இருக்கு, அது உன் பணம். அதுக்கு 8 கிராம் நாணயம் வாங்கி இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள தர்றேன், பணமாவே வேணும்னா சொல்லு. ஜூன்லேர்ந்து மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள 2 கிராம், பதினாறு மாசத்துல 40 கிராம் ஆயிடும். செய்கூலியும் என்னுது. பேங்குக்குக் கட்ட வேண்டியிருந்த 1,30,000 பத்தி நீயும் மச்சானும் சொல்றபடி செய்யலாம். மாமியார்கிட்ட நான் வந்து சொல்லணும்னா வர்றேன், வேண்டாம்னா வாயே திறக்கல. இதுக்குப் பதில் எழுதணும்னு இல்ல."

உணர்ச்சி என்று பார்த்தால் "ரொம்ப வருத்தப்படறேன்" ஒன்றுதான் மிச்சம். அதையும் அவளுக்கு நேர்ந்ததைச் சொன்ன பத்தியின் முடிவில் வைத்தேன். கடிதத்தின் தலையில் வைத்தால் அது என் துக்கம், அங்கே வைத்தால் அவள் இழப்புக்கான துக்கம்.

வெட்டிய மூன்று பக்கத்தை எங்கே கொண்டுபோவது என்பது தனிப் பிரச்சினை. குற்ற உணர்ச்சி கடிதத்திலிருந்து போய்விட்டதே தவிர நெஞ்சிலிருந்து போகவில்லை. அதை ஒரு பழைய கல்லூரி நண்பனிடம் கொட்டினேன். கரூரில் யாரையும் அவனுக்குத் தெரியாது, அதுதான் தகுதி. சித்தியிடமோ மாமாவிடமோ கொட்டியிருந்தால் இரண்டே நாளில், "பாவம்டி அவன், உருகிட்டான், விட்டுடு" என்று அக்கா காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். நம் வீடுகளில் வாய்ஸ் நோட்டைவிட வேகமாகப் போவது அது. செத்துவிடலாம் போன்ற நினைப்பு உண்மையாகவே வந்தால் அதை மன்னிப்போடு கலக்காமல் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ், இலவசம், தமிழிலும் பேசுவார்கள். பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்பின் நடுவில் அதைச் சொன்னால் அவருக்கு அது மிரட்டலாகத்தான் போய்ச் சேரும்.

கடிதம் போய் ஆறாம் நாள் அக்கா கூப்பிட்டாள். குரலில் பரிவு எதுவும் இல்லை. "அன்னிக்கு ரெண்டாந்தரம் பாயசம் கேட்டு வாங்கினியே, அப்பவும் தெரியுமா உனக்கு?" என்றாள். "ஐயோ, நான் எப்படிப்பட்டவன்க்கா" என்று தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் மறுபடி முதல் இரவுக்கே போயிருப்போம். "தெரியும்" என்று மட்டும் சொன்னேன். அப்புறம் நாற்பது நிமிஷம் அவள்தான் பேசினாள். மாமியார், தறி, அம்மா செத்தபோது நான் லேட்டாக வந்தது, எனக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் நினைத்திருந்த இரண்டு விஷயம், எல்லாம். போனை வைக்கும்போது மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 2025 செப்டம்பரில் கடைசி இரண்டு கிராம் வாங்கியபோது கிராம் விலை ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. நாணயத்தை வாங்கி எடை பார்த்துவிட்டு, "செய்கூலி எவ்வளவு ஆகும்னு கேட்டு வெச்சியா?" என்றாள்.